ஒரு கேண்டிலின் வால்யூமை எந்த விலையில் எழுதுவது? வால்யூம் புரொஃபைல் கட்டும் வழிகள் ஓர் ஒப்பீடு

இன்ட்ராடே தரவை இறக்கி, தாமே ஒரு வால்யூம் புரொஃபைல் கட்ட உட்காருபவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். ஒரு கேண்டில் நமக்குத் தருவது தொடக்க விலை, உச்சம், தாழ்வு, முடிவு விலை, வால்யூம் என்ற ஐந்து எண்கள் மட்டுமே. அந்த வால்யூமில் எவ்வளவு எந்த விலையில் கைமாறியது என்பது அதில் இல்லை. ஆனால் புரொஃபைலுக்கு வேண்டியதோ அந்த ஒன்றுதான். எனவே கேண்டிலிலிருந்து கட்டப்படும் எந்தப் புரொஃபைலும் ஒரு மதிப்பீடே. எந்த ஊகத்தின் மேல் அந்த மதிப்பீட்டை நிறுத்துவது என்பதே தேர்வு.

நடைமுறையில் நான்கு வழிகள் உள்ளன. முழு வால்யூமையும் ஒரே விலையில் எழுதலாம். தாழ்விலிருந்து உச்சம் வரை சமமாகப் பரப்பலாம். நடுவில் அதிகமும் ஓரங்களில் குறைவுமாக எடை போட்டுப் பரப்பலாம். அல்லது பரப்பும் முறையைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டு, இன்னும் சிறிய கேண்டிலுக்கு இறங்கலாம்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், அதிக வணிகம் நடந்த விலை, அதாவது பாயின்ட் ஆஃப் கன்ட்ரோல், எவ்வளவு சரியான இடத்தில் விழுகிறது என்பது. புரொஃபைலின் மற்ற வடிவங்கள் சற்றே பிசகினாலும் பொறுத்துக்கொள்ளலாம். சுருக்கமாகப் பிஓசி என்று அழைக்கப்படும் இந்தக் கோடு தவறினால், அதை நம்பி வைக்கும் ஸ்டாப்லாஸும் தவறும்.

இரண்டாவது, அந்த முறை இல்லாத ஒன்றை உருவாக்குகிறதா என்பது. வணிகமே நடக்காதது போன்ற பள்ளமோ, திரண்டு நடந்தது போன்ற மேடோ கணக்கின் விளைவாக மட்டுமே தோன்றக்கூடும். மூன்றாவது, தேவையான தரவு எத்தனை ஆண்டுகளுக்கு, என்ன செலவில் கிடைக்கும் என்பது. கணினியின் வேகத்தை அளவுகோலாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. தேசியப் பங்குச் சந்தையில் காலை 9.15 முதல் மாலை 3.30 வரை 375 நிமிடங்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 250 வணிக நாள்கள் என்று கொண்டால், ஒரு பங்கின் ஒரு நிமிட கேண்டில்கள் ஆண்டுக்கு 94,000 வரிசைகளுக்குள் அடங்கிவிடும். சாதாரண மடிக்கணினிக்கு இது ஒரு பொருட்டல்ல.

## ஒரே ஒரு ஐந்து நிமிட கேண்டில்

முறைகளைப் பொதுவாகப் பேசுவதைவிட ஒரு கேண்டிலைப் பிரித்துப் பார்த்தால் வேறுபாடு உடனே விளங்கும். கீழே உள்ளவை விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட எண்கள். ஆனால் காலை நேரத்தில் இப்படிப்பட்ட கேண்டிலைப் பார்க்காதவர் இருக்க மாட்டார். தொடக்கம் ரூ.500.50, தாழ்வு 500, உச்சம் 510, முடிவு 509.50, வால்யூம் 1,00,000 பங்குகள். விலையை ஒரு ரூபாய் அகலமுள்ள தட்டுகளாகப் பிரித்துக்கொள்வோம். 500 முதல் 501 வரை உள்ளது 500-ஆம் தட்டு. அப்படியே 509 வரை பத்துத் தட்டுகள்.

இதே ஐந்து நிமிடங்களை ஒவ்வொரு நிமிடமாகப் பார்த்தால், உள்ளே நடந்தது இப்படி இருக்கிறது.

| நிமிடம் | தாழ்வு | உச்சம் | வால்யூம் |
|---|---|---|---|
| 1 | 500 | 502 | 30,000 |
| 2 | 501 | 503 | 40,000 |
| 3 | 502 | 504 | 15,000 |
| 4 | 504 | 508 | 9,000 |
| 5 | 507 | 510 | 6,000 |

அதாவது முதல் மூன்று நிமிடங்களில் 500-க்கும் 504-க்கும் இடையே 85,000 பங்குகள் கைமாறிய பிறகு, விற்பவர்கள் ஒதுங்கிக்கொள்ள, மீதி ஆறு ரூபாயை விலை வெறும் 15,000 பங்குகளில் ஓடிக் கடந்திருக்கிறது. ஒவ்வொரு நிமிடத்தின் வால்யூமையும் அதனதன் வீச்சுக்குள் சமமாகப் பரப்பினால் 500-ஆம் தட்டில் 15,000, 501-இல் 35,000, 502-இல் 27,500, 503-இல் 7,500 விழுகின்றன. 504, 505, 506 ஆகியவற்றில் தலா 2,250; 507-இல் 4,250; 508, 509 ஆகியவற்றில் தலா 2,000. பிஓசி 501-ஆம் தட்டு. ஐந்து நிமிட கேண்டிலை மட்டும் வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு முறையும் என்ன சொல்லும் என்பதை இதனுடன் ஒப்பிடலாம்.

## வழி 1: முழுவதையும் ஒரே விலையில் எழுதுவது

இது எக்செல்லில் ஒரே வரியில் முடிந்துவிடும். முடிவு விலையில் எழுதினால் ஒரு லட்சம் பங்கும் 509-ஆம் தட்டுக்குப் போகிறது. அங்கே நடந்ததோ 2,000. உச்சம், தாழ்வு, முடிவு மூன்றின் சராசரியில் எழுதுவது கொஞ்சம் நாகரிகமானது என்று கருதப்படுகிறது. அந்தச் சராசரி 506.50, 506-ஆம் தட்டில் நடந்தது 2,250. இரண்டுமே, விலை கால் பதிக்காமல் ஓடிய இடத்தைப் பெருவணிகம் நடந்த இடமாகக் காட்டுகின்றன.

கண்ணுக்கு எளிதில் படாத இன்னொரு செலவும் உண்டு. ஒரு நாளுக்கு ஐந்து நிமிட கேண்டில்கள் 75 மட்டுமே. அந்த நாளின் வீச்சை 100 தட்டுகளாகப் பிரித்தால், குறைந்தது 25 தட்டுகள் காலியாகத்தான் இருக்கும். சந்தை அந்த விலைகளை ஒதுக்கியதால் அன்று. எழுதுவதற்குக் கேண்டில் இல்லாததால். இந்த ஓட்டைகளைக் குறைந்த வணிகப் பகுதி என்று பெயரிட்டு, விலை அதன் வழியே வேகமாகப் போகும் என எதிர்பார்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தொடக்கத்தில் நானும் சில வாரங்கள் அதைத்தான் செய்தேன்.

இந்த வழி சரியாக வேலை செய்யும் ஓர் இடம் இருக்கிறது. கேண்டிலின் வீச்சு தட்டின் அகலத்தைவிடத் தெளிவாகச் சிறியது என்றால், எந்த முறையில் பரப்பினாலும் ஏறக்குறைய அதே தட்டில்தான் விழும். அப்போது எளிய முறையே போதும்.

## வழி 2: சமமாகப் பரப்புவது

இதே கேண்டிலை இப்படிப் பரப்பினால் பத்துத் தட்டிலும் தலா 10,000. பிஓசி என்று ஒன்றே இல்லை. பார்ப்பதற்கு இது தோல்வி போலத் தெரிந்தாலும், எனக்கு இதுதான் நேர்மையான விடை. ஐந்து எண்களை மட்டும் தந்துவிட்டு உள்ளே எங்கே திரண்டது என்று கேட்டால், தெரியாது என்று சொல்வதே முறை. சமமான பரப்பு அதைத்தான் சொல்கிறது. அடுத்தடுத்த கேண்டில்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது, பல கேண்டில்கள் பகிர்ந்துகொண்ட விலைகள் தாமாக உயர்ந்து நிற்கின்றன. அந்த உயரம் ஒற்றைக் கேண்டிலைப் பற்றிய ஊகத்திலிருந்து வருவதன்று, பல கேண்டில்களின் சாட்சியிலிருந்து வருவது.

இதன் பலவீனம் நீளமான, கனமான கேண்டில்களில் வெளிப்படுகிறது. காலாண்டு முடிவு வெளியான நிமிடத்தில் ஒரு பெரிய கேண்டில் உருவானால், அதன் வால்யூம் முழு நீளத்துக்கும் பூசப்பட்டு, கூர்மையான மேடுகள் மழுங்கிவிடும். காலையின் முதல் கேண்டிலிலும் இதே தொல்லை வருகிறது. 9 மணி முதல் நடக்கும் முன்-தொடக்க அமர்வில் வணிகம் ஒரே சமநிலை விலையில் நடக்கிறது. சில தரவு வழங்குநர்கள் அந்த வால்யூமை 9.15 கேண்டிலில் சேர்த்துவிடுகிறார்கள். ஒரே விலையில் நடந்ததை அந்த நிமிடத்தின் முழு வீச்சுக்கும் பரப்பினால் அது பொய்யாகிவிடும். உங்கள் தரவில் எப்படி என்று அறிய, முன்-தொடக்க அமர்வில் நடந்த வால்யூமை ஒரு நாள் குறித்து வைத்துக்கொண்டு முதல் கேண்டிலுடன் ஒப்பிட்டால் போதும். சேர்ந்திருந்தால், அதைப் பிரித்துத் தொடக்க விலைத் தட்டில் தனியாக எழுதலாம்.

கணக்கு சிறியதுதான்:

```python
import math

def profile(bars, step):
    vol = {}
    for low, high, v in bars:
        a = math.floor(low / step)
        b = max(a + 1, math.ceil(high / step))
        for i in range(a, b):
            if high == low:
                share = 1.0
            else:
                top = min(high, (i + 1) * step)
                bot = max(low, i * step)
                share = (top - bot) / (high - low)
            vol[i] = vol.get(i, 0) + v * share
    return vol
```

விலைகளைப் பைசாவாக, முழு எண்ணாகக் கொடுப்பது நல்லது, ரூ.500 என்பது `50000`, ஒரு ரூபாய்த் தட்டு `100`. தசமத்தில் கொடுத்தால், தட்டின் விளிம்பில் சரியாக நிற்கும் விலை சில நேரம் அடுத்த தட்டுக்குத் தாவிவிடும். உச்சமும் தாழ்வும் ஒன்றாக இருக்கும் கேண்டிலுக்கான கிளையை விட்டுவிட்டால், பூச்சியத்தால் வகுக்கும் பிழை வந்து நிரல் நிற்கும். சர்க்யூட் லிமிட்டில் பூட்டிக்கொண்ட பங்குகளில் அப்படிப்பட்ட கேண்டில்கள் நிறையவே வரும்.

## வழி 3: எடை போட்டுப் பரப்புவது

விலை பெரும்பாலும் வீச்சின் நடுவில்தான் நேரத்தைக் கழிக்கும், உச்சத்தையும் தாழ்வையும் தொட்டுவிட்டுத் திரும்பும் என்ற எண்ணத்தில் முக்கோண வடிவில் எடை போடுவது ஒரு வழக்கம். நமது கேண்டிலில் எடைகளை 1, 2, 3, 4, 5, 5, 4, 3, 2, 1 என்று வைத்தால், 504, 505 ஆகிய தட்டுகளுக்குத் தலா ஏறத்தாழ 16,667 கிடைக்கிறது. உண்மையில் அங்கே தலா 2,250. சமமான பரப்பு, தெரியாததைத் தெரியாது என்று விட்டது. இது தவறான இடத்தை உறுதியோடு சுட்டுகிறது. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட உடற்பகுதிக்கு அதிக எடை தருவது இன்னொரு வகை. இங்கே உடற்பகுதி 500.50 முதல் 509.50 வரை, கிட்டத்தட்ட முழு கேண்டிலும் அதுவே என்பதால், சமமான பரப்பைவிட அதில் ஒன்றும் மாறப்போவதில்லை.

முக்கோணம் பொருந்தும் சூழல் என்றால், மதிய நேரத்துச் சோம்பலான சந்தையில், விலை மேலும் கீழுமாகத் தடவிக்கொண்டிருக்கும் 15 அல்லது 30 நிமிட கேண்டில்கள். அங்கே அந்த ஊகம் நடப்புக்கு அருகில் இருக்கும். ஒரே திசையில் ஓடும் கேண்டிலில் அது பொய்த்துவிடும். ஒரே நாளில் இரண்டு வகையும் கலந்து வருவதால், எந்தக் கேண்டிலுக்கு எந்த எடை என்று விதிகளை அடுக்கத் தொடங்குவோம். ஒவ்வொரு விதியும் திருகக்கூடிய ஒரு குமிழ். பழைய தரவில் அழகாகப் பொருந்தும் வரை திருகிக்கொண்டே இருக்க மனம் தூண்டும். இந்த முறையின் மறைமுகச் செலவு அதுதான். நான் இதைப் பயன்படுத்துவதில்லை.

## வழி 4: சிறிய கேண்டிலுக்கு இறங்குவது

முந்தைய மூன்றும் ஒரே ஐந்து எண்களை வெவ்வேறு விதமாகப் பங்கிட்டவை; புதிய தகவல் எதையும் அவை சேர்க்கவில்லை. ஐந்து நிமிடத்துக்குப் பதில் ஒரு நிமிடம் எடுத்தபோதுதான் 501 என்ற விடை வெளியே வந்தது. ஆகவே நாளின் புரொஃபைலை ஐந்து நிமிட சார்ட்டில் வரைந்தாலும், கணக்கை ஒரு நிமிட கேண்டிலில் செய்து, அதைச் சமமாகப் பரப்புவதே பெரும்பாலானவர்களுக்கு ஏற்றது என்பது என் முடிவு. சார்ட்டின் கால அளவும் கணக்கின் கால அளவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

இன்னும் கீழே இறங்க நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சந்தையின் ஒவ்வொரு ஆர்டரையும் வணிகத்தையும் சுமந்து வரும் முழுமையான டிக் ஓடை, கோலொகேஷன் வசதி பெற்ற உறுப்பினர்களுக்கானது. சில்லறை வணிகருக்கு புரோக்கரின் ஏபிஐ வழியாக டிக் என்ற பெயரில் வருபவை, சில கணங்களுக்கு ஒருமுறை எடுக்கப்படும் நிலைப்படங்கள். அதில் கடைசி விலையும் அதுவரையிலான மொத்த வால்யூமும் இருக்கும். இரண்டு நிலைப்படங்களின் மொத்த வால்யூம் வேறுபாட்டை எடுத்து, பிந்தையதன் கடைசி விலையில் எழுதுவார்கள். இடையில் நாலைந்து விலைகளில் நடந்தவையும் அந்த ஒன்றிலேயே போய்ச் சேரும். கூர்ந்து பார்த்தால் இது நாம் முதலில் தள்ளிய வழி 1-தான். கேண்டில் மட்டும் மிகச் சிறியது. வீச்சு சில பைசாக்களுக்குள் இருப்பதால் பிழையும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

செலவு வேறு இடத்தில் இருக்கிறது. இந்த நிலைப்படங்களைப் பொதுவாக நீங்களே அன்றாடம் பதிவு செய்து சேமிக்க வேண்டும். நடுவில் பத்து நிமிடம் இணையம் அறுந்தால், அந்தப் பத்து நிமிடத்தின் முழு வால்யூமும், மறுபடி இணைந்ததும் வரும் முதல் நிலைப்படத்தின் விலையில் ஒரே குவியலாக விழும். புரொஃபைலில் திடீரென ஊசி போல ஒரு மேடு நின்றால், முதலில் பதிவில் நேர இடைவெளியைத் தேடுங்கள். அந்த இடைவெளியை ஒரு நிமிட கேண்டில்களைக் கொண்டு அடைத்துக்கொள்ளலாம்.

வால்யூமையே விட்டுவிட்டு நேரத்தை எண்ணுவதும் உண்டு. 1980-களில் சிகாகோ வணிக வாரியத்தில் பீட்டர் ஸ்டீடில்மேயர் உருவாக்கிய மார்க்கெட் புரொஃபைல் அரை மணிக்கு ஓர் எழுத்து என்று, எந்த விலை எத்தனை அரை மணிகளில் தொடப்பட்டது என்பதையே அடுக்கியது. நிஃப்டி குறியீட்டுக்குத் தனக்கென வால்யூம் இல்லை. சார்ட்டில் தெரிவது, காட்டப்பட்டால், உட்பங்குகளின் கூட்டுத்தொகை. அதில் வால்யூம் புரொஃபைல் கட்டுவதைவிட இந்த நேரக் கணக்கு பொருளுள்ளது. வால்யூம்தான் வேண்டுமென்றால் நிஃப்டி ஃப்யூச்சருக்குப் போக வேண்டும்.

| வழி | நமது கேண்டிலில் எங்கே சுட்டியது | மறைமுகச் செலவு | எங்கே பொருந்தும் |
|---|---|---|---|
| ஒரே விலை | 509 அல்லது 506 | பொய்யான காலித் தட்டுகள் | தட்டைவிடச் சிறிய கேண்டில் |
| சமமான பரப்பு | எதையும் இல்லை | நீளமான கேண்டில் மேட்டை மழுக்கும் | பழைய 5, 15 நிமிடத் தரவு மட்டுமே உள்ளபோது |
| எடைப் பரப்பு | 504, 505 | திருகத் தூண்டும் குமிழ்கள் | தடவிக்கொண்டிருக்கும் நீண்ட கேண்டில் |
| ஒரு நிமிடம், சமமான பரப்பு | 501 | முதல் நிமிடத்தைத் தனியே பார்க்க வேண்டும் | அன்றாடப் பயன்பாடு |
| நிலைப்படப் பதிவு | ஒரு நிமிடத்துக்குள்ளும் பிரித்துக் காட்டும் | தினமும் அறுபடாத பதிவு | சில டிக்குகளுக்குள் துல்லியம் வேண்டும்போது |

## தட்டின் அகலமும் வேல்யூ ஏரியாவும்

முறையைத் தேர்ந்த பின்னும் விடையை மாற்றக்கூடிய இரண்டு தேர்வுகள் மீதம் இருக்கின்றன. தட்டை எவ்வளவு அகலமாக வைப்பது என்பது முதலாவது. தட்டு மிகக் குறுகலாக இருந்தால் புரொஃபைல் துல்லியமாகத் தோன்றும். ஆனால் ஒரு கேண்டில் இருபது தட்டுகளில் பரவும்போது, அந்த இருபதுக்குள் உள்ள ஏற்ற இறக்கம் நம் கணக்கின் நிழலேயன்றிச் சந்தையினுடையது அன்று. நான் கடந்த இருபது நாள்களின் ஒரு நிமிட கேண்டில் வீச்சுகளை வரிசைப்படுத்தி, அவற்றின் நடு எண்ணைத் தட்டின் அகலமாக வைக்கிறேன். அதற்கும் கீழே போக எனக்குத் துணிவில்லை.

இரண்டாவது, மொத்த வால்யூமில் 70 சதவீதம் அடங்கும் வேல்யூ ஏரியாவை விரிக்கும் விதம். பிஓசியில் தொடங்கி, மேலே உள்ள இரண்டு தட்டுகளின் கூட்டுத்தொகையையும் கீழே உள்ள இரண்டின் கூட்டுத்தொகையையும் ஒப்பிட்டு, பெரியதைச் சேர்த்துக்கொண்டே போவது பழைய முறை. நமது எடுத்துக்காட்டில் 501-இன் 35,000-உடன், மேலே உள்ள 502, 503 சேர்ந்த 35,000-ஐயும் கீழே தனித்திருக்கும் 15,000-ஐயும் ஒப்பிட்டால் மேல் பக்கம் வெல்கிறது. மொத்தம் சரியாக 70,000 ஆகிவிடுவதால், வேல்யூ ஏரியா 501 முதல் 504 வரை. இரண்டிரண்டாக இல்லாமல் ஒவ்வொரு தட்டாகச் சேர்க்கும் மென்பொருள் என்ன செய்யும்? முதலில் 502-ஐச் சேர்த்து 62,500 ஆக்கும். அடுத்து 503-இன் 7,500-ஐவிட 500-இன் 15,000 பெரியது என்பதால் கீழே இறங்கி 77,500-இல் நிற்கும். அப்போது வேல்யூ ஏரியா 500 முதல் 503 வரை. தரவும் தட்டும் ஒன்றே, பிஓசியும் ஒன்றே. மேல், கீழ் எல்லைகள் இரண்டும் ஒரு ரூபாய் நகர்ந்துவிட்டன. நண்பரின் திரையில் உள்ள கோடும் உங்கள் கோடும் பொருந்தாதபோது, யாருடைய தரவு தவறு என்று சண்டையிடுவதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்ளலாம்.

## கட்டியதை நம்பலாமா என்று பார்ப்பது

முதலில் எல்லாத் தட்டுகளின் கூட்டுத்தொகை கேண்டில்களின் மொத்த வால்யூமுக்குச் சமமாக இருக்க வேண்டும். அந்த மொத்தம் சந்தை வெளியிடும் அன்றைய வால்யூமிலிருந்து விலகியிருந்தால், கேண்டில்கள் விடுபட்டிருக்கலாம் அல்லது வழக்கமான அமர்வுக்கு வெளியே நடந்தவை தரவில் சேராமல் இருக்கலாம். பல மாதப் புரொஃபைல் என்றால், பங்குப் பிரிப்புக்கு விலை, வால்யூம் இரண்டுமே திருத்தப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒன்றுக்கு ஐந்தாகப் பிரிந்த பங்கில் விலையை மட்டும் ஐந்தால் வகுத்துவிட்டு வால்யூமைப் பெருக்காமல் விட்டால், பிரிப்புக்கு முந்தைய மேடுகளெல்லாம் ஐந்தில் ஒரு பங்காகக் குறுகிப் போகும்.

அதற்கு அடுத்து நான் செய்வது, தட்டுகளின் தொடக்கத்தை அரைத் தட்டு தள்ளி வைத்து மறுபடியும் கணக்கிடுவது. 500, 501 என்று தொடங்கியவை 500.50, 501.50 என்று தொடங்கட்டும். உண்மையான மேடு அரைத் தட்டுக்கு மேல் நகராது. பிஓசி திடீரென ஐந்து தட்டு தாண்டிக் குதித்தால், அங்கே இருப்பது ஒரு மேடன்று; ஏறத்தாழ ஒரே உயரமுள்ள இரண்டு மேடுகள், தட்டின் விளிம்பு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து மாறி மாறி வெல்கின்றன. அப்படிப்பட்ட நாளில் ஒற்றைக் கோடு போடாமல், இரண்டு மேட்டையும் குறித்துக்கொண்டு, நடுவில் உள்ள பள்ளத்தை விலை எந்தப் பக்கமாகக் கடக்கிறது என்று பார்க்கிறேன்.